திடீராகவா, திடீரெனவா?

"மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். கட்டுரையில் 'லோரி திடீராக நின்றது. செம்பனைக் குலைகள் தடதடவாக உருண்டன' என்று எழுதி, இரண்டு சிவப்பு வட்டம் வாங்கி வந்தாள். 'இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் லி போடுறோமே, தமிழ்ல ஆக போட்டா என்னம்மா தப்பு?' என்று கேட்கிறாள். எனக்கும் விளக்கத் தெரியவில்லை."
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

மகள் யோசித்த வழியில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'லி' பெரும்பாலும் பெயரடையில் ஒட்டும்: சடன், சடன்லி. தமிழிலும் திடீர் மழை, திடீர் விருந்தாளி என்கிறோம். அதனால் திடீரும் சடனும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

ஆனால் 'ஆக' ஒட்டுவது பெயர்ச்சொல்லில். கோபம், வேகம், அமைதி எல்லாம் தனியாக நிற்கும். 'அவனுக்குக் கோபம்' என்றால் வாக்கியம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் கோபமாக, வேகமாக, அமைதியாக. 'அவனுக்குத் திடீர்' என்று யாராவது சொல்வார்களா? 'அவனுக்குத் தடதட'?

இப்படித் தனியே நிற்காமல் ஒலியையோ தோற்றத்தையோ விரைவையோ காட்டும் சொல்லோடு 'என' வருகிறது. சொல்வது என்ற பொருளுள்ள 'என்' என்ற வினையிலிருந்து வந்தது அது. குலைகள் 'தடதட' என்று சொல்லிக்கொண்டே உருண்டதுபோல, தடதடவென. பளிச்சென, சட்டென, மளமளவென எல்லாம் இந்தக் கூட்டம்.

மகளுக்கு இலக்கணம் சொல்ல வேண்டாம், வீட்டில் எப்படிப் பேசுவாள் என்று கேளுங்கள். 'லோரி திடீர்னு நின்னுச்சு, டிரைவர் கோபமா கத்துனாரு.' பேச்சில் '-னு' வந்தால் எழுத்தில் 'என' அல்லது 'என்று'. '-ஆ' வந்தால் 'ஆக'. விடை அவள் வாயிலேயே இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: 'நல்லா' என்பதை 'நல்லாக' என்று எழுதிவிடப் போகிறாள், அது 'நன்றாக'.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தடதட போன்ற சொல் சிலவற்றோடு 'ப்பு' சேர்ந்தால் பெயராகிவிடும். உடனே 'ஆக' உள்ளே வரும். கலகலவெனச் சிரித்தாள், கலகலப்பாகப் பேசினாள். முதலாவதில் சிரிப்புச் சத்தமே காதில் விழுகிறது. இரண்டாவது அவள் பேசும் தன்மையைச் சொல்கிறது. பளபளவென, பளபளப்பாக என்பதும் அப்படித்தான். 'கலகலவாக' மட்டும் கிடையாது. 'லி' போட்டு இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது.

திருத்தி எழுதும்போது ஒற்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஆக, என இரண்டுக்கும் பின்னால் வல்லினம் மிகும்: கோபமாகக் கத்தினார், சட்டெனப் பிடித்தார்.

இதே குழப்பம் ஆங்கிலக் கட்டுரையிலும் தலைகீழாக வரும், பாருங்கள். 'அக்கா அழகாக இருக்கிறாள்' என்பதில் 'ஆக' இருக்கிறதே என்று 'பியூட்டிஃபுல்லி' எழுதிவிடுவார்கள். 'இரு' என்ற வினையோடு வரும் அந்த 'ஆக' அக்கா எப்படிப்பட்டவள் என்று சொல்வது. அங்கே வெறும் 'பியூட்டிஃபுல்' போதும்.