எழுத்துப்படியில் கை வைத்தது யார், எதற்காக? – வாசகர் கேள்விகள்

அப்பச்சியின் பர்மா நினைவுகளைப் பதிவு செய்து தட்டச்சும் செய்துவிட்டோம். final, final2, finalnew என்று ஆறு கோப்புகள் இருக்கின்றன. எது சரியானது? (காரைக்குடி)

கோப்பின் பெயரை மட்டும் எழுதிவிட்டு எது சரி என்று கேட்டால் நான் என்ன சொல்வது? ஆறில் எதையும் அழிக்காதீர்கள். கோப்பு காட்டும் தேதியையும் நம்பாதீர்கள். வாட்ஸப்பிலிருந்து இறக்கிய நாளாகக்கூட அது இருக்கலாம். பதிவில் பத்து நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒலியைக் கேட்டபடி ஆறையும் ஒப்பிடுங்கள். ஒலிக்கு மிக நெருங்கியதை v01 என்று வையுங்கள். இனிமேல் எண் மட்டும்தான், final என்ற சொல்லே வேண்டாம்.

ஐயா பேசியதை மூன்று பேர் கூகுள் டாக்ஸில் திருத்துகிறோம். அதிலேயே Version history இருக்கும்போது தனிப் பதிவேடு எதற்கு? (தேவகோட்டை)

யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை அது காட்டும். ஏன் மாற்றினார் என்பதைக் காட்டாது. என் கைக்கு வந்த ஒரு பதிவில் நடந்ததைச் சொல்கிறேன், இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

சிறு வயதில் ரங்கூனுக்குக் கணக்குப் பழகப் போன பெரியவர் ஒருவர், "ராத்திரி கிட்டங்கியிலே படுத்துக்குவோம்" என்கிறார். கிட்டங்கி என்றால் பல மார்க்காக்களின் ஆட்கள் ஒரே கட்டடத்தில் பெட்டியடி போட்டுத் தொழில் செய்து, அங்கேயே தங்கிய இடம். v02-இல் சரியாகவே இருந்தது. v03-இல் வெளியூர்க்காரர் ஒருவர் அதை எழுத்துப்பிழை என்று நினைத்து 'கிடங்கு' ஆக்கினார். v04-இல் இன்னொருவர், வாசிப்பவருக்குப் புரியட்டும் என்று 'சரக்குக் கிடங்கு' ஆக்கினார். கணக்குப் பழகப் போன பையன் மூட்டைகளுக்கு நடுவே படுத்தவன் ஆகிவிட்டான். அந்த வரி ஒரு சாந்தி மலரிலும் அச்சாகிவிட்டது. இரண்டு திருத்தங்களும் பெயரோடும் நேரத்தோடும் வரலாற்றில் இருந்தன. காரணம் கேட்டபோது இருவருக்கும் நினைவில்லை.

v03-காரர் "பிழை என்று தோன்றியது, ஒலி கேட்கவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அடுத்தவர் அங்கேயே நின்றிருப்பார். பிறகு நாங்கள் எழுதிய பதிவு இது:

```
v05 | 00:23:40
முன்பு: சரக்குக் கிடங்கிலே
இப்போது: கிட்டங்கியிலே
திருத்தியவர்: ப.மு.  சரிபார்த்தவர்: செ.ல.
ஆதாரம்: ஒலி, இருமுறை கேட்டது
காரணம்: v03-இல் வட்டாரச் சொல் பிழையென
மாற்றப்பட்டது; v02-க்குத் திரும்புகிறது
```

திருத்தியவரும் சரிபார்த்தவரும் வேறு வேறு ஆள் என்பதைப் பாருங்கள். 'ஆதாரம்' என்ற வரியை மட்டும் ஒருபோதும் காலியாக விடாதீர்கள். ஒலியா, பேசியவரே சொன்னதா, வீட்டிலுள்ள பேரேடா என்று அங்கே எழுத வேண்டும். v03, v04 இரண்டையும் அழிக்கவில்லை. மலரில் படித்துவிட்டு ஒருவர் கேட்டால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டுமே. 'ஆயா' என்ற சொல்லும் இப்படித்தான் அடிபடுகிறது. நம் பக்கம் அது அம்மாவைப் பெற்றவர். வெளியூர்க்காரர் கையில் வேலைக்காரப் பெண்மணி ஆகிவிடுகிறார். ஒலியைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

அப்புறம், கூகுள் டாக்ஸ் பழைய படிகளைச் சில சமயம் ஒன்றாகச் சேர்த்துவிடும். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் Name current version கொடுத்து எண்ணிட்டு வையுங்கள்.

ரங்கூனில் முதல் குண்டு 1942-இல் விழுந்தது என்கிறார் தாத்தா. 1941 டிசம்பர் 23 என்று திருத்திவிடலாமா? (பள்ளத்தூர்)

கூடாது. அவர் சொன்னது 1942, படியில் 1942-தான் இருக்க வேண்டும். சரியான தேதியை அடிக்குறிப்பாகச் சேர்த்து, அதை எழுதியது யார் என்று பதிவேட்டில் குறியுங்கள். நாம் தவறாகக் கேட்டதைத் திருத்தலாம், அவர் தவறாகச் சொன்னதைத் திருத்தக் கூடாது.

git-இல் வைத்திருக்கிறோம். ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனால் பாதி வரிகள் மாறியதாகக் காட்டுகிறது. (கோட்டையூர்)

'ொ' என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, git-க்கு வேறு. கோப்பு முழுவதையும் ஒரே தடவையில் NFC வடிவத்துக்கு மாற்றித் தனிப் படியாக வையுங்கள். "குறியீட்டு வடிவம் மட்டும், சொல் மாறவில்லை" என்று காரணம் எழுதுங்கள். அந்தப் படியில் வேறெந்தத் திருத்தத்தையும் கலக்காதீர்கள். பிறகு `git diff --word-diff` போட்டால் மாறிய சொல் மட்டும் தெரியும்.

பங்காளித் தகராறு பற்றிய பகுதியை ஆச்சி எடுக்கச் சொன்னார்கள். v06-இல் எடுத்துவிட்டோம். போதும்தானே? (கண்டனூர்)

போதாது. v05-இல் அது அப்படியே இருக்கிறது. டாக்ஸில் திருத்தும் அனுமதி உள்ள எவரும் பழைய படியைத் திறந்து படிக்கலாம். வெளியே கொடுக்க Make a copy போட்டு வரலாறு இல்லாத புதுப் படியைக் கொடுங்கள். மூலத்தை ஆச்சி சம்மதிக்கும் ஒன்றிரண்டு பேரிடம் மட்டும் வையுங்கள். பதிவேட்டில் நேரக்குறிப்பும் "பேசியவர் வேண்டுகோள்" என்ற காரணமும் போதும்; எடுத்த வாக்கியத்தை அங்கே எழுதிவிடாதீர்கள்.