மெஷின் லேர்னிங் தேர்வு கேள்வி பதில்: ஜூனுக்கும் நவம்பருக்கும் நடுவே ஒரு நேர்கோடு

நாகர்கோவில் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணம் எல்லாமே நம் மாவட்ட மழைதான். அதில் வரும் எண்கள் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை, அளந்து எடுத்தவை அல்ல.

மார்த்தாண்டம், இறுதியாண்டு மாணவி: சார், அனுமானம், பலம், தோற்கும் இடம்னு மூணு கட்டம் போட்டு எல்லா அல்காரிதத்தையும் மனப்பாடம் பண்ணிட்டேன். 13 மார்க்குக்கு இது போதுமா?

கட்டம் சரிதான். ஆனால் மூன்றும் தனித்தனியாக நிற்பதாக நினைத்துப் படித்தால் தேர்வறையில் ஒன்று மறந்தாலும் மற்றது வராது. அனுமானம் உடையும் இடம்தான் தோற்கும் இடம். அதே அனுமானம் பொருந்தும்போது கிடைப்பதுதான் பலம். ஒன்றைப் பிடித்தால் மற்ற இரண்டையும் அங்கேயே எழுதிவிடலாம்.

லாஜிஸ்டிக் ரிக்ரெஷனை எடுத்துக்கொள்ளுங்கள். நாளை மழை பெய்யுமா என்று கணிக்க வேண்டும். கையில் இருப்பது மாத எண் மட்டும், 1 முதல் 12 வரை. இந்த முறையின் அனுமானம், மழைக்கான லாக் ஆட்ஸ் மாத எண்ணோடு நேர்கோட்டில் மாறும் என்பது. அப்படியென்றால் மாதத்துக்குக் கிடைக்கும் கெழு ஒன்றே ஒன்று. அது நேர்மறையாக வந்தால் ஜனவரியில் தொடங்கி டிசம்பர் வரை நிகழ்தகவு ஏறிக்கொண்டே போகும், எதிர்மறையாக வந்தால் இறங்கிக்கொண்டே போகும். நடுவில் ஏறி இறங்கி மறுபடி ஏற அதற்கு வழியே கிடையாது.

நம் மாவட்டத்தில் நடப்பது என்ன? தென்மேற்குப் பருவமழை ஜூனில் ஒரு மேடு, வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நவம்பரில் இன்னொரு மேடு. நடுவில் ஒரு தணிவு. இந்த இரண்டு மேட்டையும் ஒரு நேர்கோட்டில் ஏற்ற முடியாது. மாடல் ஜூனைக் குறைத்துச் சொல்லும், டிசம்பரைக் கூட்டிச் சொல்லும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் எழுதுங்கள், மார்க் அங்கேதான் இருக்கிறது. பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் பிழை ஏறக்குறைய ஒரே அளவு மோசமாக இருக்கும். இன்னும் ஆயிரம் நாள் தரவு சேர்த்தாலும் குறையாது. மாதம் மாதமாகப் பிரித்து, கணித்த நிகழ்தகவையும் உண்மையில் மழை பெய்த நாட்களின் விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜூனிலும் டிசம்பரிலும் இடைவெளி பளிச்சென்று தெரியும்.

தீர்வு, மாதத்தை வட்டமாக்குவது. பல நோட்ஸில் இந்த முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்:

```
sin(2*pi*m/12)   cos(2*pi*m/12)
sin(4*pi*m/12)   cos(4*pi*m/12)
```

முதல் ஜோடி வருடத்துக்கு ஒரு மேடுதான் தரும். ஒரே பருவமழை உள்ள ஊருக்கு அது போதும். நமக்கு இரண்டாவது ஜோடியும் வேண்டும். ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனி 0/1 காலம், அதாவது தரவு அட்டவணையில் ஒரு நெடுவரிசை, வைத்தாலும் வேலை நடக்கும், கெழுக்கள் மட்டும் கூடும்.

பலம் என்று எழுதும்போது, கெழுவைப் படித்து அர்த்தம் சொல்லலாம், நிகழ்தகவு பெரும்பாலும் நம்பும்படி இருக்கும் என்று எழுதுங்கள். "அக்யூரசி அதிகம்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அது எந்த அல்காரிதத்துக்கும் பலம் அல்ல. பத்தில் மூன்று நாள் மழை என்றால், தினமும் "மழை இல்லை" என்று சொல்லும் கடிகாரப் பொம்மைக்கும் 70 சதவீதம் அக்யூரசி உண்டு.

குளச்சல், மாணவர்: டிசிஷன் ட்ரீக்கு அனுமானமே இல்லைன்னு நோட்ஸ்ல போட்டிருக்கு. அப்படியே எழுதலாமா?

பாதி சரி. தரவு எந்தப் பரவலில் வருகிறது என்று அது கேட்பதில்லை, அளவு மாற்றமும் தேவையில்லை. ஆனால் உலகத்தை ஒரு நேரத்தில் ஒரே காலத்தை வைத்து வெட்டி, பெட்டி பெட்டியாகப் பிரித்துவிடலாம் என்று நம்புகிறது. அதுவும் ஒரு அனுமானம்தான். மழைக் கணக்கில் இது பொருந்துகிறது. மே முடிவில் ஒரு வெட்டு, ஜூலை பக்கம் ஒரு வெட்டு, செப்டம்பர் பக்கம் ஒரு வெட்டு, நவம்பர் முடிவில் ஒரு வெட்டு என்று இரண்டு மேட்டையும் தானாகவே பிடித்துக்கொள்ளும். எல்லை சாய்கோடாக இருந்தால் படிக்கட்டு போல வெட்டி வெட்டித் திணறும்.

தோற்கும் விதமும் முந்தையதற்கு நேர் எதிர். ஆழத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் பயிற்சித் தரவில் பிழை ஏறக்குறைய பூஜ்யம், சோதனையில் விழும். பத்து வரியை எடுத்துவிட்டு மறுபடி வளர்த்தால் வேறு மரம் முளைக்கும். இந்த ஆட்டத்தை அடக்கத்தான் ரேண்டம் ஃபாரஸ்ட்.

தக்கலை, மாணவர்: எல்லாத்துலயும் பெஸ்ட் அல்காரிதம் எது சார்?

அப்படி ஒன்று இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

குலசேகரம், ரப்பர்த் தோட்டக்காரர்: தம்பி, மக படிக்கிறதைப் பார்த்துக் கேக்கிறேன். விடியக்காலம் வெட்டு முடிஞ்சதும் மழை வந்தா சிரட்டையில பால் நிக்காது, கூலி மட்டும் போகும். இந்த முறையெல்லாம் வெட்டலாமா வேண்டாமான்னு சொல்லுமா?

அண்ணாச்சி, தேர்வுக் கேள்வி இல்லை என்றாலும் நல்ல கேள்வி. மாடல் "மழை வரும்" என்று சொன்னால் மட்டும் உங்களுக்குப் போதாது, எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டும். வெட்டி மழை வந்தால் நஷ்டம் ஒரு பங்கு, மழை வராவிட்டால் கூலி போக லாபம் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு நிகழ்தகவு 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை வெட்டுவதே லாபம். 50-ஐத் தாண்டியதும் வேலையை நிறுத்துவது உங்கள் கணக்குக்கு ஒத்துவராது. மரத்தில் பிளாஸ்டிக் மழைத்தடுப்பு கட்டியிருந்தால் இந்த எல்லை இன்னும் மேலே போகும்.

கருங்கல், மாணவர்: மேகமும் ஈரப்பதமும் ஒண்ணோடொண்ணு சம்பந்தப்பட்டது. நைவ் பேயஸோட அனுமானம் உடைஞ்சிடுச்சு. அப்போ அதை வைக்கவே கூடாதுதானே?

அவசரப்படாதீர்கள். மழை நாளா இல்லையா என்று தெரிந்துவிட்டால் சாட்சிகள் ஒன்றையொன்று சாராதவை என்பதே அதன் அனுமானம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மழை நாள் 0.3, மழையில்லா நாள் 0.7. கருமேகம் மழை நாளில் 0.8, மற்ற நாளில் 0.2. கருமேகம் தெரிகிறது என்றால் 0.24-க்கு எதிரே 0.14, ஆக மழைக்கு 63 சதவீதம்.

இப்போது அதே மேகத்தை இன்னொருவர் பார்த்து எழுதிய காலத்தையும் சேர்க்கிறோம். புதிய செய்தி எதுவும் இல்லை. ஆனால் நைவ் பேயஸுக்கு அது தெரியாது, இரண்டு தனிச் சாட்சி என்று நினைத்து மறுபடி பெருக்கும். 0.192-க்கு எதிரே 0.028, அதாவது 87 சதவீதம். மூன்றாவது நகலையும் சேர்த்தால் 96. ஒரே மேகத்தைத்தான் மூன்று முறை எண்ணியிருக்கிறோம்.

ஆனால் மூன்று முறையும் முடிவு "மழை" என்றுதான் வந்தது. சாராத்தன்மை இல்லாத இடத்திலும் இந்த முறை சரியான வகையைச் சொல்ல முடியும் என்று டொமிங்கோஸ், பஸ்ஸானி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-லேயே காட்டிவிட்டார்கள். ஆகவே "வைக்கவே கூடாது" என்று எழுதாதீர்கள்.

ஆரல்வாய்மொழி, மென்பொருள் வேலையில் இருப்பவர்: அதைத்தான் அண்ணே நானும் சொல்றேன். வேலையில குப்பை மின்னஞ்சல் வடிகட்ட இதைத்தான் போட்டோம், ஓடுது. லேபிள் சரியா வந்தா அனுமானம் உடைஞ்சா என்ன?

இல்லை, லேபிளும் மாறும். மேகத்துக்கு எதிராக ஒரு சாட்சியை வையுங்கள். ஈரப்பதம் குறைவு: மழை நாளில் 0.2, மற்ற நாளில் 0.8. மேகம் ஒருமுறை, ஈரப்பதம் ஒருமுறை என்றால் இரண்டும் அடிபட்டுப் போய், பழைய 30 சதவீதத்தில் நிற்கும். பதில் "மழை இல்லை". மேகத்தை இரண்டு முறை எண்ணினால் 63-க்கு ஏறிவிடும். பதில் "மழை". எல்லாச் சாட்சியும் ஒரே பக்கம் சாய்ந்தால் நகல் தீங்கு செய்யாது. சாட்சிகள் மோதும்போதுதான் நகல் உள்ள பக்கம் நியாயமில்லாமல் ஜெயிக்கும்.

அப்புறம், மேலே குலசேகரம் அண்ணாச்சியைப் பாருங்கள். 63 என்றால் அவர் வெட்டப் போவார், 87 என்றால் வீட்டில் இருப்பார். லேபிள் இரண்டுக்கும் ஒன்றுதான், அவருடைய ஒரு நாள் வருமானம் ஒன்றல்ல.

ஆரல்வாய்மொழி, அதே நண்பர்: ஒரே காலத்தை யார் அண்ணே ரெண்டு தடவை வைப்பாங்க? இது பரீட்சைக்காகச் செஞ்ச உதாரணம்.

உங்கள் ஊர்க் காற்றாலைகளையே பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் கம்பங்களில் அளந்த காற்று வேகம் இரண்டு காலமாக வந்தால் பெயர்தான் வேறு, செய்தி ஏறக்குறைய ஒன்று. நகல் பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது.

கருங்கல், அதே மாணவர்: அப்போ நான் சொன்னது சரிதானே சார்!

உங்கள் பக்கமும் முழுசாக வரமாட்டேன். கையில் நாற்பது நாள் தரவு மட்டும் இருந்தால் லாஜிஸ்டிக்கை விட நைவ் பேயஸையே முதலில் ஓட்டிப் பார்ப்பேன். ஆண்ட்ரூ இங், மைக்கேல் ஜோர்டான் என்ற ஆய்வாளர்கள் 2002-ல் இந்த இரண்டையும் ஒப்பிட்டார்கள். தரவு பெருகப் பெருக லாஜிஸ்டிக்கின் பிழை கீழே போகிறது, ஆனால் குறைந்த தரவிலேயே தன் எல்லையைத் தொட்டுவிடுவது நைவ் பேயஸ். நாற்பது எப்போது நானூறாகிறது, எங்கே மாற வேண்டும் என்பது தரவைப் பொறுத்தது. அதில் நீங்கள் இருவரும் சண்டை போடலாம், எனக்கு இன்னும் கேள்விகள் பாக்கி.

இரணியல், மாணவி: லீனியர் ரிக்ரெஷனுக்கு எல்லா உள்ளீட்டுக் காலமும் நார்மல் பரவலா இருக்கணும், சரியா?

தவறு. நார்மல் என்பது எச்சப் பிழைக்கு. அதுவும் நம்பிக்கை இடைவெளி, டி-சோதனை ஆகியவற்றுக்குத்தான் முக்கியமாகத் தேவை, கெழுவைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல. பாதி வகுப்பு இதைத் தப்பாக எழுதுகிறது.

கன்னியாகுமரி, மாணவர்: கேஎன்என்-க்கு மாதமும் நேற்றைய மழை மில்லிமீட்டரும் கொடுத்தேன். அக்யூரசி நல்லா வரல. கே-யை மாத்தவா?

மறுபடியும் அக்யூரசி! கே-யைத் தொடாதீர்கள், முதலில் தூரத்தைப் பாருங்கள். இன்று ஜூன், நேற்று 45 மி.மீ. பழைய நாள் ஒன்று ஜூன், 40 மி.மீ.: தூரம் 5. இன்னொன்று பிப்ரவரி, 43 மி.மீ.: நான்கின் வர்க்கமும் இரண்டின் வர்க்கமும் சேர்ந்து 20, மூலம் எடுத்தால் 4.47. பிப்ரவரி நாள்தான் ஜூனுக்கு நெருங்கிய அயலான் என்கிறது மாடல். அளவு மாற்றம் செய்யாததன் விளைவு இது. அதைச் செய்த பிறகும் டிசம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவே பதினொரு மாதத் தூரம் இருக்கும், முதல் பதிலில் சொன்ன வட்டம் இங்கேயும் வேண்டும். அருகில் இருப்பவை ஒத்திருக்கும் என்பதே இதன் அனுமானம், "அருகில்" என்பதற்கு அர்த்தம் கொடுப்பது உங்கள் வேலை.

திருவட்டாறு, மாணவர்: சிஎன்என், ஆர்என்என் ஒப்பீடும் சொல்லுங்க.

அவற்றில் நான் வேலை செய்ததில்லை. உங்கள் துறையில் அதை நடத்துபவரிடம் கேளுங்கள்.

குழித்துறை, மாணவர்: சார், மொத்தத்துல எது பெஸ்ட்னு மட்டும் சொல்லிடுங்க.

தக்கலைக்காரரோடு சேர்ந்து படியுங்கள்.

மார்த்தாண்டம், முதலில் கேட்ட மாணவி: நைவ் பேயஸுக்குப் பலம் என்ற கட்டத்துல இப்போ என்னதான் எழுதணும்?

குறைந்த தரவிலும் ஓடும், ஒரே சுற்றில் எண்ணி முடித்துவிடும். தோற்கும் இடத்தில், நகல் காலங்கள் இருந்தால் நிகழ்தகவு 0 அல்லது 1 பக்கம் ஓடிவிடும் என்று எழுதி 63, 87, 96 மூன்றையும் கணக்கோடு போடுங்கள். ஆரல்வாய்மொழி நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் உங்கள் தாளைத் திருத்தப்போவது அவர் இல்லை.