மகன் தவணையில் மொபைல் வாங்கினான், என் கார்டு ஏன் மறுக்கப்பட்டது?

கேள்வி: என் கிரெடிட் கார்டின் வரம்பு ஒரு லட்சம் ரூபாய். மகனுக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மருத்துவமனையில் 65,000 ரூபாய் கட்டப் போனபோது என் கார்டு மறுக்கப்பட்டது. அந்த மாதம் நான் எதுவுமே வாங்கவில்லை. மகன் 48,000 ரூபாய்க்கு மொபைல் வாங்கி, 12 மாதத் தவணையாக மாற்றியிருக்கிறான். அவன் கட்டாவிட்டால் வங்கி அவனைத்தானே கேட்கும்?

பதில்: உங்களைத்தான் கேட்கும். ஆட்-ஆன் கார்டின் நிலுவைக்கு முதன்மை அட்டைதாரரே பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மகன் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் இது மாறாது.

வரம்பும் ஒன்றுதான். மகனுடைய கார்டுக்கென்று தனியாக ஒரு லட்சம் கிடையாது. தவணையாக மாற்றினாலும் முழு 48,000 ரூபாயும் உங்கள் வரம்பிலிருந்து உடனே பிடித்துவைக்கப்படும். மீதி 52,000 என்பதால்தான் 65,000 மறுக்கப்பட்டது. மாதந்தோறும் கட்டும் தவணையில் அசல் பகுதி மட்டுமே வரம்பில் திரும்பச் சேரும். ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் தவணை சுமார் 4,330 ரூபாய். முதல் மாதம் விடுபடுவது சுமார் 3,730 மட்டுமே. வேறு செலவே செய்யாமல் இருந்தாலும், 65,000 ரூபாய்க்கு இடம் கிடைக்க நான்கு தவணைகள் கழிய வேண்டும். அவசரம் என்றால் வங்கியிடம் சொல்லித் தவணைக் கடனை முன்கூட்டியே அடைக்கலாம். அதற்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு.

பில்லில்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. இருவரின் செலவுக்கும் சேர்த்து ஒரே பில்தான் வரும். அடுத்த மாதம் உங்கள் செலவு 18,000, மகனின் தவணை 4,330 என்றால் மொத்தம் 22,330. உங்கள் பங்கை மட்டும் கட்டிவிட்டு, மிச்சத்தை அவன் கட்டுவான் என்று விட்டுவிட்டால், அவன் கட்டாத தொகைக்கு வட்டி ஏறும். பல வங்கிகளில் அது மாதம் 3.5 சதவீதத்துக்கும் மேல் போகிறது. அதோடு, நீங்கள் புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும். குறைந்தபட்சத் தொகைகூடக் கட்டப்படாமல் கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேலானால், தாமதக் கட்டணத்தோடு உங்கள் பெயரில் கடன் தகவல் நிறுவனத்துக்கும் செய்தி போகும். அதனால் மகனிடம் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு முழு பில்லையும் நீங்களே கட்டுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது, வங்கியின் செயலியிலோ வாடிக்கையாளர் சேவையிலோ ஆட்-ஆன் கார்டுக்குத் துணை வரம்பு வைப்பது. 20,000 என்று முன்பே வைத்திருந்தால் இந்த மொபைல் வாங்கும் பரிவர்த்தனையே நின்றிருக்கும். அவன் செலவு செய்யும்போது உங்கள் எண்ணுக்கும் குறுஞ்செய்தி வருகிறதா என்றும் பாருங்கள். கோபத்தில் ஆட்-ஆன் கார்டை ரத்து செய்தாலும் மொபைல் கடன் ரத்தாகாது. தவணை உங்கள் பில்லிலேயே தொடரும்.