வழக்கறிஞராகும் முன் செய்யும் சேம்பரிங் பயிற்சிக்கான நேர்காணலில் இரண்டு மணி நேர சட்ட ஆய்வுச் சோதனை உண்டாம், வழக்குச் சுருக்கங்களைத் தொகுத்த டைஜஸ்ட்டும், ஒரு தீர்ப்பைப் பிந்தைய தீர்ப்புகள் பின்பற்றினவா மாற்றினவா என்று காட்டும் சைட்டேட்டரும்தான் தருவார்களாம். எப்படிச் செய்வது?

நீங்களும் தோட்டப்புறத்துப் பிள்ளையாகத்தான் இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். நான் சுங்கை சிப்புட். ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வந்த கேள்வி இது: செம்பனை நிலம் வாங்க ஒப்பந்தம் போட்டவர் பத்து விழுக்காடு முன்பணம் கட்டிவிட்டுப் பின்வாங்குகிறார். விற்பவர் நட்டத்தை நிரூபிக்காமலே அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளலாமா?

கையில் மல்லால்ஸ் டைஜஸ்ட்டின் பழைய தொகுதி ஒன்று. ஒப்பந்தம், நட்டஈடு, 1950 ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 75 என்று தலைப்பு தலைப்பாக இறங்கினால், கூட்டரசு நீதிமன்றத்தின் செல்வகுமார் எதிர் தியாகராஜா, [1995] 1 MLJ 817, வந்து நிற்கும். கிளினிக் விற்பனை வழக்கு. ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தாலும், கணக்கிடக்கூடிய நட்டமென்றால் நிரூபித்தே ஆகவேண்டும் என்கிறது. கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று பக்கத்தில் இருந்தவர் உடனே எழுத ஆரம்பித்துவிட்டார். அந்தத் தொகுதி எந்த ஆண்டோடு நிற்கிறது என்பதை முன்பக்கத்தில் பாருங்கள், அதற்கப்புறம் நடந்தது அதற்குத் தெரியாது.

சைட்டேட்டரில் போட்டால் செல்வகுமாரைப் பின்பற்றிய வழக்குகள் நீளமாக வரும். மேலிருந்து படித்தால் நேரம் போய்விடும். கூட்டரசு நீதிமன்றத்தை மட்டும் வடிகட்டி, புதியதிலிருந்து பாருங்கள். கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் எதிர் மார்ஸ் டெலிகம்யூனிகேஷன்ஸ், [2019] 6 MLJ 15, கண்ணில் படும். 2018இல் வந்த தீர்ப்பு. எல்லா வழக்கிலும் உண்மை நட்டத்தை நிரூபிக்கத் தேவையில்லை, தொகை நியாயமில்லை என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவருடையது என்று அது பழைய நிலையை மாற்றியது. சைட்டேட்டரின் சிவப்புக் குறியை மட்டும் நம்பாதீர்கள். எந்தக் கருத்து மாறியது என்பது அதில் இருக்காது, அந்தப் பத்தியைத் திறந்து படித்தாக வேண்டும். வழக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று யாராவது சொல்வார்கள், தெரிந்தவனும் இப்படித்தான் சரிபார்க்க வேண்டும்.

கடைசி நாற்பது நிமிடம் எழுத வேண்டும். முதல் வரியில் விடை: வைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம், தொகை நியாயமா என்பதே கேள்வி. அப்புறம் பிரிவு 75, கியூபிக் பத்தி எண்ணோடு. செல்வகுமாரை மறைக்காமல், இப்போது அதன் நிலை என்ன என்றும் எழுதுங்கள், எதிர்த் தரப்பு வக்கீல் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார். டைஜஸ்ட் சுருக்கத்தை ஆதாரமாகக் காட்டாதீர்கள், தீர்ப்பைக் காட்டுங்கள்.

இவ்வளவும் எழுதிக் கொடுத்த பிறகு அந்த அலுவலகத்தில் என்னிடம் கேட்டது, "எந்த எஸ்டேட், அப்பா என்ன வேலை?" ஈப்போ பையன்களிடம் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை. சரி, அது வேறு கதை.

சைட்டேட்டரைப் பார்த்த தேதியையும், நேரமில்லாமல் பார்க்காமல் விட்டதையும் (எனக்கு 2018க்குப் பிந்தைய மேல்முறையீட்டு நீதிமன்ற வழக்குகள்) கீழே இரண்டு வரியில் போட்டுவிடுங்கள்.