சேஃப்டி ஷூவுக்குள் கால் வேகாமல் இருக்க எந்த சாக்ஸ், எந்த இன்சோல்?

கேள்வி: வெயிலில் நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. சேஃப்டி ஷூவைக் கழற்ற அனுமதியில்லை. மதியத்துக்குள் கால் வெந்துபோகிறது. எந்த சாக்ஸ் போடலாம்? உள்ளே தனியாக இன்சோல் வாங்கிப் போட்டால் பலன் இருக்குமா?

பலன் இருக்கும். ஆனால் சாக்ஸை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் நடக்கும், இன்சோலை மட்டும் மாற்றினாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். வேலைத்தளங்களில் பாதுகாப்பு மேற்பார்வை பார்ப்பவன் நான். ஷூ எடுத்துக் கொடுப்பதும், "சார், இதைப் போட்டா கால் எரியுது" என்ற புகாரைக் கேட்பதும் ஒரே ஆள்தான்.

அப்படிச் சொல்லிக்கொண்டு வருபவரிடம் முதலில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லிக் காலைப் பார்ப்பேன். விரலிடுக்கு வெளுத்து, உள்ளங்கால் தோல் ஊறிச் சுருங்கியிருந்தால் காரணம் வியர்வை. தோல் ஓரளவு உலர்ந்து, சிவந்து, தரையில் படும் பாகம் முழுக்க ஒரே மாதிரி எரிந்தால் சூடு கீழேயிருந்து ஏறுகிறது. தார், இரும்புத் தகடு, கான்கிரீட் கூரை போன்றவற்றின் மேல் நிற்பவர்களுக்கு இரண்டாவது வகை உண்டு. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வகைதான். "சூடு" என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு ஈரம்தான்.

வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். மூடிய ஷூவுக்குள் இருக்கும் கொஞ்சக் காற்று சீக்கிரமே ஈரத்தால் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு சுரக்கும் வியர்வை ஆவியாக வழியில்லாமல் அப்படியே தங்குகிறது. ஈரத் தோலில் உராய்வும் கூடும். ஒவ்வொரு அடிக்கும் சாக்ஸ் தோலைப் பிடித்து இழுக்கும். எரிச்சலும் கொப்புளமும் அங்கேதான் தொடங்குகின்றன.

அந்த ஈரம் வெளியே போக என்ன வழி இருக்கிறது என்று பாருங்கள். ஷூவின் மேல்தோல் வழியாகக் கொஞ்சம் போகும், கணுக்கால் திறப்பு வழியாகக் கொஞ்சம் போகும். ஆனால் முன்பக்கம் விரல்களுக்கு மேல் இருப்பது ஸ்டீல் அல்லது கடினப் பிளாஸ்டிக் கவசம். அதன் வழியே எதுவும் போகாது. கீழே ரப்பர் அல்லது பாலியூரித்தேன் அடிப்பாகம், அதுவும் அடைப்புதான். ஆக, விரல்களும் முன்பாதமும் விடும் வியர்வைக்கு இன்சோல்தான் போக்கிடம். நாள் முழுக்க அதை உறிஞ்சி வைத்திருக்க வேண்டும், இரவில் வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும். சாக்ஸின் வேலை, தோலில் இருக்கும் ஈரத்தை அந்த இன்சோலிடமும் கணுக்கால் பக்கமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இதைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

முதலில் சாக்ஸ். வெயில் என்றாலே பருத்திதான் என்று பழகியிருக்கிறோம். சட்டைக்கு அது சரி, மூடிய ஷூவுக்குச் சரிவராது. பருத்தி நீரை நாருக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும், விடாது. நனைந்ததும் தொளதொளத்து, விரலடியில் மடிப்பு விழும். அந்த மடிப்பு இருக்கும் இடத்தில்தான் மாலையில் கொப்புளம் இருக்கும். பாலியஸ்டர் நார் தன் எடையில் ஒரு சதவீதம்கூட நீரை உள்ளே எடுக்காது. ஈரம் நார்களுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியே நகரும். மெரினோ கம்பளி இன்னொரு வகை. எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாகவே உள்ளிழுத்தும் தொட்டால் ஈரமாகத் தோன்றாது, நாற்றமும் குறைவு. கம்பளி என்றதும் குளிர்காலம் ஞாபகம் வரும். மெல்லிய மெரினோ அப்படியல்ல.

என் சிபாரிசு: மெரினோவும் நைலானும் கலந்தது, அல்லது பாலியஸ்டரும் நைலானும் கலந்தது. நைலான் இல்லாத சாக்ஸ் ஷூவின் குதிகால் உரசலில் சீக்கிரம் ஓட்டையாகிவிடும். பாதத்தின் மேற்பக்கம் மெல்லிய வலைப்பின்னலாகவும், குதிகாலிலும் முன்பாதத்திலும் மட்டும் கொஞ்சம் தடிமனாகவும் இருக்கட்டும். உயரம் ஷூவின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரற்கடையாவது மேலே வர வேண்டும். ஷூவுக்குள்ளேயே முடியும் குட்டை சாக்ஸ் குளுமையாகத் தோன்றும். ஆனால் வியர்வையை மேலே கொண்டுபோக இருந்த வழி அதில் இல்லாமல் போகும், ஷூவின் விளிம்பு கணுக்காலை அறுக்கவும் செய்யும்.

உள்ளே மெல்லிய லைனர் சாக்ஸ் ஒன்று, அதன்மேல் இன்னொன்று என்று இரட்டையாகப் போடலாமா? கொப்புளம் உங்கள் முக்கியப் பிரச்சினை என்றால் போடலாம். உராய்வு தோலுக்கும் துணிக்கும் இடையில் நடக்காமல் இரண்டு துணிகளுக்கு இடையில் நடக்கும். ஆனால் லைனர் வழுக்கும் செயற்கை நாராக, காலோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். வெளி சாக்ஸும் மெல்லியதாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஷூவை இறுக்கினால் காற்று நகர இருந்த இடமும் போய்விடும். கொப்புளம் வராதவர்களுக்கு ஒற்றை சாக்ஸே போதும்.

இப்போது இன்சோல். ஷூவோடு வருவதில் பல, மேலே மெல்லிய துணி ஒட்டிய மூடிய நுரை. பார்க்க மெத்தென்று இருக்கும், ஆனால் அந்த நுரை நீரை எடுக்காது. வாங்கும் முன் சோதிப்பது எளிது. இன்சோலின் மேல் ஒரு டீஸ்பூன் நீரை ஊற்றிப் பரவவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்து ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பேப்பர் சொட்டச் சொட்ட நனைந்தால் நீர் மேல்துணியிலேயே நின்றிருக்கிறது என்று அர்த்தம், உங்கள் சாக்ஸுக்கும் அதே கதிதான். பேப்பர் லேசாகத்தான் ஈரமாகி, இன்சோலின் அடிப்பக்கம் நனைந்திருந்தால் அது ஈரத்தைக் கீழே இறக்குகிறது. திறந்த நுரை, ஃபெல்ட், பதப்படுத்திய தோல் ஆகியவற்றில் இந்தக் குணம் உண்டு. துளைகள் போட்டிருப்பது மட்டும் போதாது. கீழே அடைத்த அடிப்பாகம் இருக்கும்போது துளை வழியாகக் காற்று எங்கே போகும்?

தடிமனில் கவனம் வேண்டும். பழைய இன்சோலை எடுத்துவிட்டு அதே தடிமனில் புதிதைப் போடுங்கள்; ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். கால் உயர்ந்தால் விரல்கள் ஸ்டீல் கவசத்தில் முட்டும். கனமான பொருள் விழுந்து கவசம் கொஞ்சம் அமுங்கும்போது விரலுக்கு மிச்சம் இருக்க வேண்டிய இடமும் குறையும். ஷூவில் ஆன்டிஸ்டேடிக் அல்லது ஈஎஸ்டி குறி இருந்தால் கடையில் கிடைத்ததைப் போடவே கூடாது. மின்னேற்றம் காலிலிருந்து தரைக்கு இறங்கும் பாதையில் இன்சோலும் ஓர் அங்கம், அதைத் துண்டித்துவிடுவீர்கள். அந்த ஷூவைத் தயாரித்தவர்களே கொடுக்கும் மாற்று இன்சோலைக் கேட்டு வாங்குங்கள். சான்றிதழும் அப்படித்தான் செல்லும்.

இவ்வளவு செய்தும் மதியத்துக்கு மேல் எரிகிறது என்பவர்கள் உண்டு. அங்கே பார்க்க வேண்டியது, இன்சோல் இரவில் காய்கிறதா என்பது. சமையலறைத் தராசு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். உதாரணத்துக்கு, ஒரு ஜோடி இன்சோல் நன்றாக உலர்ந்திருக்கும்போது 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டு இடைவேளையில் நிறுத்தால் 85 கிராம். 25 கிராம் வியர்வையை அது வாங்கியிருக்கிறது, நல்ல இன்சோல்தான். ஆனால் மறுநாள் காலையில் ஷூ போடும் முன் நிறுத்தால் 72 காட்டுகிறது. அதாவது முந்தைய நாளின் ஈரத்தில் கிட்டத்தட்ட பாதியோடுதான் வேலையைத் தொடங்குகிறீர்கள். மதியத்துக்கு முன்பே அது நிரம்பி, மிச்சம் தோலில் நிற்கும். இந்த ஆளுக்கு வேறு சாக்ஸ் வாங்கிக் கொடுத்துப் பலனில்லை, இரண்டாவது ஜோடி இன்சோல் வேண்டும்.

அந்த இரண்டாவது ஜோடியை மதியத்தில் பயன்படுத்துவதுதான் நான் சொல்லக்கூடியதிலேயே அதிகப் பலன் தருவது. சாப்பிட உட்காரும் இடத்தில் ஷூவைக் கழற்ற அனுமதி கேளுங்கள். வேலை நடக்கும் பகுதிக்கு வெளியே என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கழற்றியதும் ஷூவின் நாக்கை நன்றாக இழுத்துத் திறந்து வையுங்கள். கால்களை விரலிடுக்கு உட்படத் துணியால் துடைத்து, பதினைந்து நிமிடம் காற்றுப்பட விடுங்கள். அப்புறம் உலர்ந்த சாக்ஸ், உலர்ந்த இன்சோல். காலையில் போட்டதைத் துணிப்பையில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள். வீட்டில் இன்சோலைத் தனியே எடுத்து நிழலில், முடிந்தால் ஃபேன் காற்றில் காயவிடுங்கள். ஷூவை அடுப்புப் பக்கத்திலோ கொளுத்தும் வெயிலிலோ வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், அடிப்பாகத்தின் பசையும் விடும்.

தரைச்சூடுதான் பிரச்சினை என்றால் கதை வேறு. அங்கே ஈரம் உறிஞ்சுவதைவிடத் தடுப்பு முக்கியம். கம்பளி ஃபெல்ட் இன்சோல் ஓரளவு இரண்டையும் செய்யும். விரலுக்கு இடம் போதவில்லை என்றால் இன்சோலை மெலிதாக்காமல் ஷூவை அரை அளவு கூட்டி வாங்குங்கள். அதையும் மாலையில், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், வேலைக்குப் போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள்.

பவுடர் போட்டால் முதல் ஒரு மணி நேரம் சுகம், பிறகு பசையாகிவிடும். சாக்ஸை நனைத்துப் போடுவதும் அதே போலத்தான், கொஞ்ச நேரக் குளிர்ச்சிக்குப் பிறகு தோல் ஊறும். ஷூவின் பக்கத்தில் சூடான கம்பியால் ஓட்டை போட்டுக்கொண்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். தீப்பொறியும் சிமெண்ட் நீரும் உள்ளே போக நாமே வாசல் வைப்பதுபோல அது. வேண்டாம்.

அடுத்த முறை ஷூ மாற்றித் தரும்போது லேபிளைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 20345 தரத்தில் எஸ்3 என்றால் மேல்தோல் நீரைத் தாங்கும், அதனால் காற்றுப் போக்கு பொதுவாகக் குறைவு. உங்கள் இடம் முழுக்க உலர்ந்தது, ஆணி மிதிக்கும் அபாயம் மட்டும்தான் என்றால், ஆணி துளைக்காத அடிப்பாகம் கொண்ட, மேல்தோலில் நீர்த்தடுப்பு கட்டாயமில்லாத எஸ்1பி போதுமா என்று பாதுகாப்பு அதிகாரியிடம் கேளுங்கள். அந்த வகையில் வலைத்துணி மேல்பாகம் கொண்டவை கிடைக்கும். வெல்டிங், ரசாயனம், ஈரக் கான்கிரீட் இருக்கும் இடத்தில் அதைக் கேட்காதீர்கள்.

விரலிடுக்கில் வெடிப்பும் அரிப்பும் இருந்தால் அது பெரும்பாலும் சேற்றுப்புண், மருந்து போட்டு ஆற்றாமல் எந்த சாக்ஸும் உதவாது. சர்க்கரை நோய் இருந்து காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் எரிச்சலை நம்பியிருக்காமல் மதியம் சாக்ஸ் மாற்றும்போதே உள்ளங்காலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். குனிந்து பார்க்க முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் ஃபோனில் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லலாம்.