முதுகு தடிமனும் மேட் அட்டையும்: மாக்கப் பதில்

"160 பக்கக் கவிதைத் தொகுப்பு. அட்டையை அச்சான புத்தகம் போலக் காட்டும் மாக்கப் படத்தில் தலையணை மாதிரி தடிமனாகத் தெரிகிறது. அட்டை மேட், ஆனால் பளபளக்கிறது. எப்படிச் சரிசெய்வது?"

முதலில் முதுகைக் கணக்கிடுங்கள். 160 பக்கம் என்றால் 80 தாள். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ.; ஆக 8 மி.மீ. இரண்டு அட்டையும் சேர்ந்தால் 9-ஐ நெருங்கும். தாளுக்குத் தாள் மாறும், அதனால் அச்சகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். புத்தக அகலம் 140 மி.மீ. என்றால், முதுகு அதில் பதினைந்தில் ஒரு பங்குதான். உங்கள் டெம்ப்ளேட் 25 மி.மீ. புத்தகத்துக்குச் செய்தது போலிருக்கிறது. முதுகை மட்டும் நசுக்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து நசுங்கும். தடிமனை மாற்ற விடும் டெம்ப்ளேட்டுக்கு மாறிவிடுங்கள். அப்போதுதான் பக்க விளிம்பும் கூடவே மெலியும். உள்தாள் க்ரீம் நிறமென்றால் விளிம்புக்கும் லேசான மஞ்சள் கொடுங்கள். தூய வெள்ளை உடனே பொய்யாகத் தெரியும்.

அப்புறம் பளபளப்பு. கூர்மையான வெள்ளைக் கோடாக ஒளி விழுந்தால் அது பளபளப்பான கிளாஸி அட்டை. மேட்டில் ஒளி அகலமாகப் பரவி மங்கும், கறுப்பும் சற்றுச் சாம்பலாகும். ஹைலைட் லேயரை நன்றாக மங்கலாக்கி, ஒபாசிட்டியை 50 சதவீதத்துக்கும் கீழே இறக்குங்கள்.