ஈரலில் வழவழப்பும் பச்சைக் கறையும்

“நேற்றுக் காலை வாங்கிய ஈரலைப் பையோடு குளிர்பெட்டியில் வைத்தேன். இன்று மாலை வழவழப்பாக, ஓரத்தில் பச்சையாக இருக்கிறது. கூடவே வாங்கிய கறி நன்றாக உள்ளது. கழுவிச் சமைக்கலாமா?”

பச்சைக் கறை மட்டும் என்றால் நான் பயப்படமாட்டேன். பித்தப்பை ஒட்டியிருந்த இடத்தில் பித்தநீர் கசிந்தால் அப்படித்தான் தெரியும். அந்தப் பகுதி கசக்கும் என்பதால் சற்று அகலமாக வெட்டி எறிந்தால் போதும். ஆனால் பச்சை அந்த ஓரத்தைத் தாண்டிப் பரவியிருந்தால் கணக்கு வேறு.

உங்கள் ஈரலில் கவலை தருவது வழவழப்புதான். புதிய ஈரலும் ஈரமாக மினுங்கும், ஆனால் கழுவியதும் அது போய்விடும். கழுவித் துடைத்த பிறகும் விரல் வழுக்கினால், அல்லது விரலை எடுக்கும்போது மெல்லிய இழை நீண்டால், கிருமிகள் பெருகிவிட்டன என்று பொருள். ஈரலில் சர்க்கரைச் சத்து மிகுதி என்பதால், கெடும்போது அழுகல் வாடைக்கு முன்பே புளிப்பு வாடை எழுவதுண்டு. நாற்றம் இல்லையே என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

கறி தப்பியதற்குக் காரணம், அறுத்தபின் தசையில் ஏறும் அமிலத்தன்மை கிருமிகளை ஓரளவு தடுக்கிறது. ஈரலில் அது அவ்வளவு ஏறுவதில்லை, இரத்தமும் நீரும் அதிகம்.

ஆகவே வழவழப்பு போகாவிட்டால் எறிந்துவிடுங்கள். சில கிருமிகள் விட்ட நஞ்சு கொதித்தாலும் அழியாது. அடுத்த முறை பையிலிருந்து எடுத்து, இரத்தநீரை வடித்து, ஆழமற்ற பாத்திரத்தில் மூடி, 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்து, மறுநாளைக்குள் சமைத்துவிடுங்கள்.